எது உண்மையான பறை? வாத்தியங்களின் பெயர்கள் எதைச் சொல்கின்றன?

கேள்வி: பாடசாலைத் தமிழ்மொழித் தினக் கண்காட்சிக்கு வாத்தியங்கள் சேர்க்கிறோம். முள்ளியவளைப் பக்கம் இருந்து வந்த பறை, கழுத்தில் மாட்டி அடிக்கிற இரண்டு முக மேளம். கிளிநொச்சியில் இருந்து ஒரு பிள்ளை கொண்டுவந்தது வட்டமான ஒரு முகத் தப்பு. தமிழ்நாட்டு வீடியோக்களில் அதைத்தான் பறை என்கிறார்கள். எது உண்மையான பறை? உடுக்கு, மத்தளம், புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் பெயர் விளக்கம் எழுதி வைக்கவேண்டும். இணையத்தில் கிடைப்பதை அப்படியே எழுதலாமா?

பதில்:

இரண்டுமே பறைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் பறை என்றே எழுதுங்கள். வன்னியைப் போல இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்த இடம் வேறு குறைவு. வடக்கின் இரண்டு முகப் பறை இங்கே முன்பிருந்தே உள்ளது. ஒரு முகத் தப்பு மலையகத்தில் இருந்து வந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறிய தோட்டத்துக் குடும்பங்கள் பல. தப்பும் அவர்களோடுதான் வந்தது.

இரண்டின் உடலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. எங்கள் பறை மரத்தைக் குடைந்து எடுத்த உருளை. இரண்டு வாயிலும் தோல் மூடி, வாரால் இழுத்துக் கட்டி, கழுத்தில் இருந்து இடுப்பளவில் தொங்கவிட்டுத் தடியால் அடிப்பார்கள். தப்பு அப்படியல்ல. மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து ஒரு வளையம் செய்து, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் ஒட்டுவார்கள். தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் குட்டையான தடித்த குச்சியும் மற்றக் கையில் நீளமான மெல்லிய குச்சியுமாக அடிப்பார்கள். அடிக்க முதல் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காய்ச்சி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால் ஓசை அமுங்கிவிடும். அப்போது மீண்டும் சூடு காட்டவேண்டும்.

இப்படி இரண்டு வேறு கருவிகளுக்கு ஒரே பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயர் கருவியின் வடிவத்தைச் சொல்லவில்லை, அது செய்கிற வேலையைச் சொல்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். இதற்கு அகராதியைத் தேடிப் போகவேண்டியதில்லை. "என்ன பறையிறாய்?", "அவனோட பறையாதை" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் அன்றாடப் பேச்சில் இருந்து பெரும்பாலும் போய்விட்ட இந்த வினைச்சொல், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிஞ்சியிருக்கிறது. மலையாளத்தில் பேசுவதற்கு இதுதான் சாதாரணச் சொல். ஆகவே பறை என்பது சொல்லுகிற கருவி. அரசன் ஆணையை, போரை, விழாவை, சாவை ஊருக்குச் சொன்னது அதுதான். பறைசாற்றுதல் என்ற சொல்லில் அந்த வேலை அப்படியே இருக்கிறது.

மலையகத் தப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு அழைக்கத் தப்புத்தான் அடித்தார்கள். வடிவத்தில் எங்கள் பறையோடு ஒட்டாத தப்பு, வேலையில் நூற்றுக்கு நூறு பறை. தப்பு என்ற பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். அங்கே பிழை என்ற பொருளுக்கு இடமில்லை. தப்புதல் என்றால் அடித்தல். துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதைத் தப்புதல் என்பார்கள். கையின் வேலையைச் சொல்கிறது தப்பு, கருவியின் வேலையைச் சொல்கிறது பறை. ஒரே கருவிக்கு இரண்டு பெயர் இருப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

பழைய நூல்களில் பறை என்பது தோற்கருவிகளுக்கு எல்லாம் பொதுப்பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்க்கிறது. எந்த நிலத்துக்கு எந்தப் பறை என்று பின்னால் வந்தவர்கள் விளக்கும்போது, முன்னால் ஒரு தொழிற்பெயரை ஒட்டிவிடுகிறார்கள். முல்லைக்கு ஏறுகோட்பறை, அதாவது ஏறு பிடிக்கும்போது முழக்குவது. நெய்தலுக்கு மீன்கோட்பறை, மீன் பிடிக்கும்போது முழக்குவது. மருதத்துக்கு நெல்லரிகிணை, நெல் அரியும்போது முழக்குவது. கிணை என்பதும் ஒரு பறைதான். குழுமாடு பிடித்த காடும், குளத்தின் கீழே வயலும், முல்லைத்தீவுக் கடலும் ஒரு நாள் நடையில் அடங்குகிற வன்னிப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று பெயரையும் விளக்குவது கஷ்டமாக இராது. இவற்றில் எதுவும் கருவி உருளையா வட்டமா என்று சொல்வதில்லை. அடிக்கிற நேரத்தைச் சொல்கின்றன.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அரங்கேற்று காதையில் முப்பது வரையான தோற்கருவிகளின் பெயரை வரிசையாகத் தருகிறார். அந்த வரிசையிலும் சிறுபறை, பெரும்பறை, கணப்பறை, நாழிகைப்பறை என்று பறைகள் பல. நாழிகைப்பறை பொழுதைச் சொல்வது. அங்கேயும் அதே வேலை.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புறநானூறு 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லி, இவையல்லாமல் குடியும் இல்லை என்கிறது. துடி முழக்கியவன் துடியன், பறை முழக்கியவன் பறையன். கலையால் வந்த பெயர் அது. பிறகு அதே பெயர் சாதியாகி, சாவீட்டில் கட்டாயத்துக்கு அடிக்கிற வேலையாகி, மனிதரைக் கீழே தள்ளுகிற சொல்லாகிப் போனது. அந்த அவமானத்தால் பறையைக் கைவிட்ட குடும்பங்கள் வடக்கு முழுவதும் உண்டு. அவர்கள் செய்தது நியாயம். கண்காட்சியில் பறையை மற்ற வாத்தியங்களோடு ஒரே மேசையில், நடுவில் வையுங்கள். அதைத் தந்த வீட்டாருக்கு மேடையில் நன்றி சொல்லுங்கள்.

அடுத்தது உடுக்கு. வைகாசிப் பொங்கல் காலத்தில் எங்கள் அம்மன் கோயில்களில் உடுக்கடித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு அதன் குரல் தெரியும். மற்ற மேளங்களைப் போல 'தொம்' என்று ஒரே நிலையில் அது நிற்காது, ஏறி இறங்கி விம்மும். கருவியைக் கையில் எடுத்தால் காரணம் தெரியும். இரண்டு முகமும் அகலம், இடை ஒடுக்கம். இரண்டு முகத் தோலையும் ஒரே கயிறு மாறிமாறிக் கோத்துக் கட்டியிருக்கும். அந்தக் கயிறுகள் இடையில் ஒன்றாகச் சேருகிற இடத்தில்தான் இடது கை பிடிக்கும். கையை இறுக்கினால் கயிறு இழுபடும், தோல் விறைக்கும், சுருதி மேலே போகும். விட்டால் கீழே வரும். வலது கை விரல் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருக்க, இடது கை இறுக்கியும் தளர்த்தியும் அந்த விம்மலை உண்டாக்கும். கயிறு தளர்ந்த உடுக்கில் எவ்வளவு இறுக்கினாலும் சுருதி ஏறாது. வாங்கும்போது அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இந்த இனத்துக் கருவிக்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று துடி. துடிப்பது துடி, அந்த விம்மலைக் கேட்டவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மற்றது இடைசுருங்குபறை. பெயரிலேயே உருவம் இருக்கிறது. பெண்ணின் இடையைத் துடியிடை என்று புலவர்கள் பாடியது இந்த வடிவத்தைப் பார்த்துத்தான். ஆகவே துடி என்பது ஓசையின் பெயர், இடைசுருங்குபறை வடிவத்தின் பெயர். பலகையில் இந்த இரண்டையும் எழுதினால் பிள்ளைகள் கருவியைப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளலாம். உடுக்கு என்ற சொல்லையே பிரித்துப் பொருள் எழுதப் போகாதீர்கள்.

இணையத்தில் கிடைப்பதை எழுதலாமா என்று கேட்டீர்கள். நான் ஒரு பெயர் விளக்கத்தை ஏற்றுக்கொள்ள மூன்று விஷயம் பார்ப்பேன். அந்த வேர்ச்சொல் பேச்சிலோ நூலிலோ உண்மையில் வழங்கியிருக்கிறதா? பழைய உரைகாரர் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா? கருவியும் அதையே செய்கிறதா? மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் எழுதலாம். பறைக்கு முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. துடிக்கும் அப்படியே. எழுத்தை உடைத்து உடைத்து 'ம என்றால் இது, த என்றால் அது' என்று வருகிற விளக்கங்களுக்கு மூன்றில் ஒன்றும் இராது. அவற்றை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

அடியார்க்கு நல்லார் இந்த வேலையை எவ்வளவு கவனமாகச் செய்கிறார் என்பதற்கு இடக்கை நல்ல உதாரணம். அந்தக் கருவிக்கு அவர் மூன்று பெயர் சொல்கிறார், மூன்றுக்கும் மூன்று காரணம் சொல்கிறார். ஆவின் வஞ்சித்தோலைப் போர்த்தியதால் ஆவஞ்சி. குடுக்கையாக அடைத்ததால் குடுக்கை. இடக்கையால் செய்கிற வேலைகள் அதில் இருப்பதால் இடக்கை. தோல், உடல், கை என்று ஒரே கருவியை மூன்று பக்கத்தில் இருந்து பார்க்கிறார். கரடிகைக்கு வேறு விதம். கரடி கத்துவது போன்ற ஓசை உடையதால் அந்தப் பெயர் என்கிறார். வன்னிக் காட்டில் கரடி கத்திக் கேட்ட ஒரு தாத்தா உங்கள் ஊரில் இருந்தால், அவரையே அதை விளக்கச் சொல்லுங்கள்.

மத்தளத்துக்கும் அவர் விளக்கம் தருகிறார். மத்து என்பது ஓசையின் பெயர், இசைக் கருவிகளுக்கெல்லாம் தளமாக இருப்பதால் மத்தளம் என்பது அவர் கருத்து. வடமொழியின் மர்த்தளம் என்ற சொல்லோடு இதைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதனால் பலகையில் 'அடியார்க்கு நல்லார் கூறும் விளக்கம்' என்று தொடங்கி எழுதுங்கள், அதுதான் நேர்மை. ஆனால் முள்ளியவளைக் கோவலன் கூத்தைப் பார்த்தவருக்கு அவருடைய விளக்கம் நன்றாகவே பொருந்தும். அண்ணாவியாரின் மத்தளம் தொடங்காமல் ஆட்டக்காரரின் கால் எழும்பாது. தாளம், பாட்டு, பிற்பாட்டு எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். இரண்டு பக்கமும் கையால் அடிவாங்குகிற கருவி என்பதால்தான் 'மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' என்ற பழமொழியும் வந்தது.

சில பெயர்கள் கருவி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. முன்பு எதில் செய்தார்கள் என்பதைச் சொல்கின்றன. மிருதங்கம் வடமொழிப் பெயர். மண்ணால் ஆன உடல் என்பது அதன் பொருள். இன்றைய மிருதங்கம் பலாமரத்தில் கடைந்தது. கொம்பும் அப்படித்தான். விலங்கின் கொம்பை ஊதிய காலத்துப் பெயர், வளைந்த பித்தளைக் குழாய்க்கும் அப்படியே தொடர்கிறது. வளைவையாவது அந்தப் பித்தளை காப்பாற்றி வைத்திருக்கிறது. சங்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பொருளும் பெயரும் ஒன்றே.

ஊதுகருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் புல்லாங்குழல். குழல் என்றால் உள்ளே துளையாக இருப்பது. குழாய்க் கிணறு என்று நாங்கள் சொல்வதும் இதே சொல்லின் உறவுதான். ஆனால் மூங்கிலில் செய்த குழலுக்குப் புல் என்ற சொல் எங்கே இருந்து வந்தது? தொல்காப்பிய மரபியலில் பதில் இருக்கிறது. 'புறக்காழனவே புல் எனப்படுமே' என்கிறது அது. காழ் என்றால் வைரம். வெளிப்பக்கம் வைரம் பாய்ந்து உள்ளே மென்மையாகவோ வெறுமையாகவோ இருப்பவை புல். உள்ளே வைரம் உள்ளவை மரம். பாலை, முதிரை, வேம்பு எல்லாம் மரம். மூங்கில் புல். இந்தக் கணக்கில் எங்கள் பனையும் புல்தான். பனையை அறுத்தவர்களுக்குத் தெரியும், வைரம் முழுவதும் வெளிச்சுற்றில்தான் இருக்கும், நடுவில் சோறு. மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது என்றுதான் இன்றைய தாவரவியலும் சொல்கிறது. ஆக, புல்லில் செய்த குழல் புல்லாங்குழல். ஒரு மூங்கில் துண்டையும் ஒரு பனந்துண்டையும் ஒரு வேப்பந்துண்டையும் குறுக்கே அறுத்துப் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு பெயருக்கு அது போதும், பலகையே தேவைப்படாது.

மலைபடுகடாம் கூத்தர் தூக்கிச் செல்லும் வாத்தியங்களைச் சொல்லும்போது களிற்றுயிர்த் தூம்பு என்று ஒரு கருவியைச் சொல்கிறது. தூம்பு என்பதும் துளைதான், குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற தூம்பும் அதே சொல். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். யானை நெடுமூச்சு விடுவது போல ஒலிக்கிற நீண்ட குழாய் அது. இரவில் வயல் காவலுக்குப் போய் இருட்டுக்குள் யானை மூச்சுவிடுவதைக் கேட்டவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். இந்தப் பெயரை வைத்தவரும் அப்படிக் கேட்டவராகத்தான் இருக்கவேண்டும்.

நாதஸ்வரம், தவில் இரண்டையும் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். பழைய எழுத்துகளில் நாகசுரம் என்றே இருக்கிறது. நாதஸ்வரம் என்பது 20ஆம் நூற்றாண்டில் பரவலான வடிவம். இரண்டையும் எழுதி, எது முந்தியது என்று குறித்தால் போதும். தவில் என்ற பெயரை, பறை, துடி போல ஒரு தமிழ் வினையில் இருந்து பிறந்ததாகக் காட்ட முடியாது. அதனால் பெயருக்கு விளக்கம் எழுதாமல் அதன் இரண்டு முகங்களுக்கு எழுதுங்கள். விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலது கையால் வாசிக்கிற பக்கம் வலந்தலை, கழியால் அடிக்கிற பக்கம் தொப்பி. வலந்தலை என்றால் வலப்பக்கத்துத் தலை, பெயரே இடத்தைக் காட்டுகிறது. அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் படம் ஒன்று கிடைத்தால் தவிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நாகசுரத்தோடு ஒரு கருவியை எல்லோரும் மறந்துவிடுகிறோம், ஒத்து. நாகசுரம் போலவே நீளமானது, ஆனால் ஒரே சுருதியைத்தான் விடாமல் ஊதிக்கொண்டிருக்கும். பிரதான வாத்தியத்தோடு ஒத்து நிற்பதால் ஒத்து. சுருதிப்பெட்டி வந்த பிறகு மேளக் கச்சேரிகளில் அதைக் காண்பது அரிதாகிவிட்டது. கருவி போனாலும், யார் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவரை 'ஒத்து ஊதுகிறான்' என்று இன்னும் சொல்கிறோம். ஒரு பழைய மேளக்காரர் வீட்டில் விசாரித்துப் பாருங்கள், பரணில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.

பலகைகளில் பெயர், அது சொல்வது ஓசையா உருவமா வேலையா செய்த பொருளா என்று ஒரு சொல், பிறகு ஒரே ஒரு வரி விளக்கம், அவ்வளவு போதும். பறைக்கான பலகையை மட்டும் இரண்டு கருவிக்கும் நடுவில் வைத்து இப்படி எழுதுங்கள்: 'பறை. வேலையால் வந்த பெயர். பறைதல் என்றால் சொல்லுதல். இடப்பக்கம் இருப்பது வடபகுதிப் பறை, வலப்பக்கம் இருப்பது மலையகத்தில் தப்பு எனப்படும் பறை.' தப்பு கொண்டுவந்த பிள்ளைக்கு அடிக்கத் தெரிந்தால், கண்காட்சி தொடங்குவதை அந்தப் பிள்ளையே அடித்து அறிவிக்கட்டும். திறந்த இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். தோல் காய்ச்ச நெருப்பும் வேண்டும், வகுப்பறைக்குள் அந்தச் சத்தம் காது தாங்காது.